புதிய பிராட்பேண்டுக்கு மாறும் முன்: உங்கள் ரவுட்டருக்கு அந்த லைன் பொருந்துமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணத்தில் சிறிய கடை வைத்து, சுற்றுவட்டாரத்தில் வீட்டு இணைப்புகளைப் பார்த்துத் தருபவன் நான். பாபநாசம், திருவையாறு, வலங்கைமான் பக்கமிருந்தெல்லாம் கேள்விகள் வருகின்றன. பிளானின் வேகத்தையும் மாத வாடகையையும் நன்றாக விசாரித்துவிடுகிறார்கள்; வீட்டில் இருக்கும் பெட்டி புதிய லைனை ஏற்குமா என்பதை மட்டும் லைன் இழுத்த பிறகுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளுக்கான பதில்கள் இவை.

எங்கள் வீட்டுக்கு வரும் லைன் எந்த வகை? அதை எப்படிப் பார்ப்பது?

கம்பத்திலிருந்து வீட்டுக்குள் வரும் கம்பியைப் பிடித்துக்கொண்டே போய், அது எந்தப் பெட்டியில் எப்படி முடிகிறது என்று பாருங்கள். நம் பகுதியில் நான்கு விதமாக முடியும்.

டெலிபோன் கம்பியாக இருந்தால் நுனியில் பழைய லேண்ட்லைன் போனுக்குச் செருகும் அதே குறுகிய பிளக் இருக்கும். அது செம்புக்கம்பி லைன். வைக்கோல் போல மெல்லிய கருப்பு அல்லது வெள்ளைக் கம்பி வந்து, நுனியில் பச்சை நிறச் சதுர பிளக் இருந்தால் அது ஃபைபர். சில வீடுகளில் ஃபைபர் தெருமுனைப் பெட்டியோடு நின்றுவிடும். அங்கிருந்து வீட்டுக்கு எட்டு இழை கொண்ட நெட்வொர்க் கேபிள் வரும். அதன் பிளக் டெலிபோன் பிளக்கைப் போலவே இருந்தாலும் அகலம் அதிகம். நான்காவது, மாடியில் ஒரு சிறிய பெட்டியை வைத்து 4ஜி, 5ஜி அலையைப் பிடித்துக் கேபிள் வழியாகக் கீழே இறக்குவது.

இது இன்று உங்களிடம் இருக்கும் லைன். புதிய கம்பெனி தரப்போவது எது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டில் அதே கம்பெனி லைன் இருந்தால், போய் அந்த நுனியைப் பார்த்துவிட்டு வருவது போனில் கேட்பதைவிட நம்பகமானது.

பழைய டெலிபோன் லைன் மோடம் நல்ல நிலையில் இருக்கிறது. ஃபைபருக்கு மாறினாலும் அதையே வைத்துக்கொள்ள முடியுமா?

நேரடியாக முடியாது. அந்த மோடத்தின் வேலையே செம்புக்கம்பியில் வரும் மின்குறிகளைப் பிரித்தெடுப்பதுதான். ஃபைபரில் வருவது ஒளி; அதை வாங்கிக்கொள்ள அதில் கண் இல்லை.

ஆனால் தூக்கிப் போடுவதற்கு முன் ஒன்று பாருங்கள். சில மாடல்களில் பின்பக்கத்து நான்கு நெட்வொர்க் போர்ட்டுகளில் ஒன்றை இணையம் உள்ளே வரும் வழியாக மாற்றிக்கொள்ள அமைப்பு உண்டு. அமைப்புப் பக்கத்தில் `Operation Mode` அல்லது `Ethernet WAN` என்ற பெயரில் இருக்கும். அது இருந்தால், புதிய கம்பெனி வைக்கும் ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் இதைச் சாதாரண ரவுட்டராகப் பயன்படுத்தலாம். இல்லாவிட்டால் வைஃபை நீட்டிப்பாக மட்டும் பயன்படும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

அட்டையில் 'ஃபைபருக்கு ஏற்றது' என்று போட்டிருந்ததை நம்பி ரவுட்டர் வாங்கினேன். ஃபைபர் பிளக்கைச் செருக அதில் இடமே இல்லையே?

இந்தச் சொல்லால் ஏமாந்தவர்கள் பலர். அந்த வாசகம் சொல்வது, 'ஃபைபர் லைனை வேறொரு பெட்டி ஒளியிலிருந்து மாற்றிக் கொடுத்தால், அதற்குப் பின்னால் நான் வேலை செய்வேன்' என்பதைத்தான். அதற்கு முன்னால் ஒளியை மாற்றித் தரும் பெட்டி ஒன்று கட்டாயம் வேண்டும். அதன் பெயர் ஓ.என்.டி.; சிலர் ஓ.என்.யூ. என்பார்கள், வீட்டில் எல்லோரும் மோடம் என்றே சொல்கிறோம். ஓ.என்.டி.யில் பச்சை பிளக் நுழையும் சதுர வாய் இருக்கும், பெரும்பாலும் ரப்பர் மூடியோடு.

உங்களிடம் இருப்பது வெறும் ரவுட்டர். அதன் பின்பக்கத்தில் மற்றவற்றிலிருந்து தள்ளி, வேறு நிறத்தில், டபிள்யூ.ஏ.என். என்ற மூன்று எழுத்தோடு ஒரு போர்ட் இருக்கும். அதை இன்டர்நெட் போர்ட் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியின் ஓ.என்.டி.யிலிருந்து ஒரு கேபிள் இந்த இன்டர்நெட் போர்ட்டுக்கு வந்தால் போதும். வாங்கியது வீணில்லை.

இப்போது கேபிள்காரரின் ஃபைபர்; மாறப்போவதும் ஃபைபர். என் சொந்த ஓ.என்.டி.யில் அதே பச்சை பிளக் நுழைகிறது. பிறகென்ன தடை?

இங்கேதான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிளக் நுழைவதும் லைன் பேசுவதும் ஒன்றல்ல.

நம் ஊர்த் தெருக்களில் ஓடும் ஃபைபர் இணைப்பு பெரும்பாலும் இரண்டில் ஒன்று: ஜிபான், அல்லது இபான். இரண்டிலும் கண்ணாடி இழை ஒன்றுதான், பிளக் ஒன்றுதான், கீழே வரும் ஒளி 1490 நானோமீட்டர், மேலே போகும் ஒளி 1310 என்ற அளவுகூட ஒன்றுதான். வேறுபடுவது அந்த ஒளியில் பேசும் மொழி. ஜிபான், பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.984 தரத்தின்படி கீழ்நோக்கி விநாடிக்கு சுமார் 2.5 ஜிகாபிட்டும் மேல்நோக்கி 1.25 ஜிகாபிட்டும் அனுப்புகிறது. இபான், வீட்டு நெட்வொர்க் கேபிளில் ஓடும் ஈதர்நெட்டின் குடும்பத்தில் பிறந்தது. இரு பக்கமும் 1.25 ஜிகாபிட். பெரிய கம்பெனிகள் ஜிபானை விரும்புகின்றன. சாதனச் செலவு குறைவு என்பதால் சிறிய கேபிள் நிறுவனங்கள் பலவும் இபானில் தொடங்கின. அதனால்தான் உள்ளூர் கேபிள் இணைப்பிலிருந்து பெரிய கம்பெனிக்கு மாறும்போது இந்தச் சிக்கல் அடிக்கடி எழுகிறது.

மொழி வேறானால் ஏன் கொஞ்சம்கூட ஒத்துப்போகாது என்பதற்கு நம் வயலையே பார்க்கலாம். எக்சேஞ்சில் இருக்கும் பெரிய பெட்டியிலிருந்து ஓர் இழை கிளம்புகிறது. வழியில் மின்சாரமே வேண்டாத ஒரு கண்ணாடிப் பிரிப்பான், அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. மேலிருந்து வரும் ஒளி, வாய்க்காலில் திறந்துவிட்ட தண்ணீர் மாதிரி எல்லா வீட்டுக்கும் வருகிறது. ஒவ்வொரு பெட்டியும் தனக்குரியதை மட்டும் எடுத்துக்கொள்கிறது. மேல்நோக்கி அனுப்பும்போதுதான் முறை வைக்க வேண்டியிருக்கிறது. இன்ன வீட்டுக்கு இன்ன நேரம் என்று மேலே இருக்கும் பெட்டி மைக்ரோ விநாடிக் கணக்கில் முறை சொல்கிறது. முறைத்தண்ணீர் விடும்போது மடையை அவரவர் நேரத்துக்குத் திறப்பதைப் போல, அந்தத் துளி நேரத்தில் மட்டும் உங்கள் பெட்டி ஒளியை விட வேண்டும். முறையைச் சொல்லும் விதம் ஜிபானில் ஒன்று, இபானில் வேறொன்று. முறை புரியாத பெட்டி வாய் திறக்காமல் காத்துக்கொண்டே இருக்கும்.

முறை தவறி ஒளியை விடும் பழுதான பெட்டி ஒன்று இருந்தால், அந்தக் கிளையில் உள்ள எல்லா வீடுகளின் இணைப்பும் தடுமாறும். தெரியாத பெட்டிகளைக் கம்பெனிகள் லைனில் சேர்க்கத் தயங்குவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

என் பெட்டி ஜிபானா, இபானா என்று நானே பார்க்க முடியுமா?

முடியும், ஐந்து நிமிட வேலை. முதலில் பெட்டியைத் திருப்பி அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படியுங்கள். பெரும்பாலும் வகை அங்கேயே அச்சிட்டிருக்கும். வகை இல்லாவிட்டாலும் துப்பு கிடைக்கும்: ஜிபான் பெட்டிக்கு 'ஜிபான் சீரியல்' என்று தனி எண் இருக்கும், இபான் பெட்டி தன் மேக் முகவரியை வைத்து அடையாளம் காட்டிக்கொள்வதால் அந்த எண் பெரும்பாலும் இருக்காது.

ஸ்டிக்கர் அழிந்திருந்தால் லேப்டாப்பைப் பெட்டியோடு இணைத்து, விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து இதை அடியுங்கள்:

```
ipconfig
```

`Default Gateway` என்பதற்கு நேராக 192.168.1.1 போன்ற ஒரு முகவரி தெரியும். அதை பிரவுசரில் அடித்து, ஸ்டிக்கரில் உள்ள பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போங்கள். சாதன விவரப் பக்கத்தில் லைன் வகையும், வந்து சேரும் ஒளியின் அளவும் இருக்கும். பக்கத்தின் தோற்றம் மாடலுக்கு மாடல் மாறும். தேட வேண்டிய சொற்கள் `GPON`, `EPON`, `Rx Optical Power`.

புதிய லைனைச் செருகினேன். சிவப்பு விளக்கு எரியவில்லை, ஆனால் இணையமும் வரவில்லை. லைன்மேன் 'லைன் சரியாக இருக்கிறது' என்கிறார். யார் சொல்வது சரி?

பெரும்பாலும் அவர் சொல்வதும் சரி, உங்கள் குறையும் சரி. திருவையாற்றில் என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னால் விளங்கும்.

அக்கா வீட்டில் உள்ளூர் கேபிள் இணைப்பு இருந்தது, ஓ.என்.டி. அவர்கள் காசு கொடுத்து வாங்கியது. வேறொரு நிறுவனத்துக்கு மாறும்போது, 'பெட்டி புதியதாகத்தானே இருக்கிறது, அதையே வைக்கச் சொல்' என்று நான்தான் சொன்னேன். வகையைக் கேட்காமல் சொன்னது என் தவறு. ஐப்பசி மழைக்கு நடுவே லைன்மேன் வந்து இழையை இழுத்து, நுனியைத் துடைத்து, மீட்டரில் ஒளியை அளந்தார். நல்ல அளவு. பச்சை பிளக்கைப் பழைய பெட்டியில் செருகினார். எல்.ஓ.எஸ். என்ற சிவப்பு விளக்கு அணைந்தது. பான் என்ற பச்சை விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. பெட்டியை இரண்டு முறை ரீசெட் செய்தார்கள். அலுவலகத்துக்குப் போன் போட்டால், இங்கிருந்து எல்லாம் சரி என்ற பதில். அத்தான் பொறுமை இழந்துவிட்டார். மாலையில் நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்து, பெட்டியின் பக்கத்தைத் திறந்தபோது தெரிந்தது இதுதான்:

```
PON Mode           EPON
Rx Optical Power   -20.6 dBm
Link Status        Down
```

மூன்று வரியும் சேர்ந்து முழுக்கதையைச் சொல்லிவிட்டன. நடு வரி ஒளியின் அளவு. இந்த எண் எப்போதும் கழித்தல் குறியோடு வரும். பூஜ்யத்திலிருந்து விலக விலக ஒளி மங்குகிறது என்று பொருள். மூன்று குறைந்தால் ஒளி பாதியாகிவிட்டது. வழக்கமான ஜிபான் பெட்டிகள் ஏறத்தாழ −8 முதல் −27 வரை படித்துவிடும். வீட்டில் −15க்கும் −24க்கும் நடுவே இருந்தால் நான் நிம்மதியாகக் கிளம்புவேன். ஆகவே −20.6 அருமையான அளவு; லைன்மேன் தன் வேலையை ஒழுங்காகச் செய்திருக்கிறார். குற்றம் முதல் வரியில் இருந்தது. வந்த லைன் ஜிபான், பெட்டியோ இபான்.

விளக்குகளை இப்படிப் படியுங்கள். எல்.ஓ.எஸ். சிவப்பாகச் சிமிட்டினால் ஒளி வரவில்லை, அல்லது போதவில்லை: இழை எங்கோ அறுந்திருக்கிறது, மடங்கியிருக்கிறது, நுனி அழுக்காக இருக்கிறது. எல்.ஓ.எஸ். அணைந்து பான் சிமிட்டிக்கொண்டே இருந்தால், ஒளி வருகிறது, ஆனால் மேலே இருக்கும் பெட்டி உங்கள் பெட்டியைச் சேர்த்துக்கொள்ளவில்லை: வகை வேறாக இருக்கலாம், அல்லது பதிவு ஆகவில்லை. இரண்டும் நிலையாகச் சரியாக இருந்தும் இணையம் இல்லையென்றால் கோளாறு அதற்கு மேலே, பயனர் பெயர், கடவுச்சொல் போன்றவற்றில் இருக்கிறது. பெரும்பாலான பெட்டிகளில் இந்தக் கணக்கு பொருந்தும்.

பிளக்கின் நிறத்தையும் ஒரு கணம் பாருங்கள். பச்சை பிளக்கின் கண்ணாடி நுனி எட்டு டிகிரி சாய்வாகச் சீவப்பட்டது. நீல பிளக்கின் நுனி நேரானது. பச்சையை நீல வாயில் செருகினால் நுழைந்துவிடும், ஆனால் இரு நுனிகளும் முழுதாகத் தொடாமல் ஒளி வீணாகும், நுனியும் கெடும். நிறம் மாறியிருந்தால் லைன்மேனிடம் பிளக்கை மாற்றித் தரச் சொல்லுங்கள். நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்க்க வேண்டாம். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணுக்குள் போகும்.

அப்படியானால் இரண்டு வகைக்கும் பொருந்தும் எக்ஸ்பான் பெட்டி வாங்கிவிட்டால் கவலை இல்லையா?

பாதிக் கவலை தீரும். எக்ஸ்பான் என்று விற்கும் பெட்டி, வரும் ஒளியைக் கேட்டு ஜிபானா இபானா என்று தானே மாறிக்கொள்ளும். சிலவற்றில் நாமே மாற்றிவைக்க வேண்டும். சொந்தப் பெட்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு நான் இதைத்தான் வாங்கச் சொல்கிறேன்.

மீதிப் பாதி, பதிவு. ஜிபான் லைனில் எந்தப் பெட்டியைச் சேர்ப்பது என்பது கம்பெனியின் கையில் இருக்கிறது. உங்கள் பெட்டியின் சீரியல் எண்ணைத் தங்கள் கணினியில் ஏற்றினால்தான் பான் விளக்கு நிலைக்கும். சில கம்பெனிகள் கேட்டவுடன் ஏற்றிவிடும். சில, தாங்கள் தரும் பெட்டியைத் தவிர வேறெதையும் ஏற்றாது. அங்கே எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய எக்ஸ்பானும் சிமிட்டிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே பெட்டி வாங்குவது பதில் கேட்ட பிறகு.

பதிவின்போது நிகழும் ஒரு பிழை என்னை ஒருமுறை அரை நாள் அலைக்கழித்தது. ஜிபான் சீரியலில் முதல் நான்கு எழுத்து, தயாரித்த நிறுவனத்தின் குறி. பின்னால் எட்டு இலக்கம். ஸ்டிக்கரில் இது இரண்டு விதமாக அச்சிடப்படும்:

```
HWTC1A2B3C4D
485754431A2B3C4D
```

இரண்டும் ஒரே எண்தான். கீழே இருப்பதில் `48 57 54 43` என்பது H, W, T, C என்ற நான்கு எழுத்துகளின் கணினிக் குறியீடு. நாம் 16 இலக்க வடிவத்தைப் படித்துச் சொல்ல, அந்தப் பக்கம் 12 எழுத்து வடிவத்தை எதிர்பார்த்தால் பதிவு விழாது. எண்ணை வாயால் சொல்லாமல் ஸ்டிக்கரைப் படம் எடுத்து அனுப்புங்கள். எட்டும் பி-யும் குழம்புவதும் இதனால் தவிரும்.

புதிய கம்பெனிக்குப் போன் செய்து என்னவென்று கேட்பது? எங்களுக்கு இந்தச் சொற்கள் எல்லாம் பழக்கமில்லை.

கஸ்டமர் கேர் எண்ணை விட, உங்கள் தெருவுக்கு லைன் இழுக்கும் உள்ளூர்க்காரரிடம் கேட்பது நல்லது. அவருக்கு விடை கைவசம் இருக்கும். இப்படிக் கேளுங்கள்: "அண்ணே, எங்கள் தெருவில் உங்கள் லைன் ஜிபானா, இபானா? நான் சொந்தமாக ஓ.என்.டி. வைத்திருக்கிறேன், அதன் சீரியலை ஏற்றித் தருவீர்களா? தரமாட்டீர்கள் என்றால், நீங்கள் வைக்கும் பெட்டிக்குப் பின்னால் என் ரவுட்டரை மாட்டிக்கொள்ளலாமா?"

ஏற்றித் தருவதாகச் சொன்னால் இன்னும் இரண்டு விவரம் வாங்கிக்கொள்ளுங்கள். இணைப்பு பயனர் பெயர், கடவுச்சொல் கேட்கும் `PPPoE` வகையா, தானாக வந்துவிடுமா என்பது ஒன்று. வி-லேன் எண் என்ன என்பது மற்றொன்று. அது ஒரே இழைக்குள் இணையத்தையும் போன் குரலையும் தனித்தனிப் பாதையில் பிரிக்கும் எண். ஊருக்கு ஊர் மாறக்கூடியது. திருவாரூரில் இருக்கும் மச்சானிடம் கேட்டு அவர் எண்ணைப் போட்டால் மயிலாடுதுறையில் வேலை செய்யும் என்று நம்ப முடியாது. விடைகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். லைன் இழுக்க வருபவர் வேறொருவராக இருப்பார், அவரிடம் காட்ட வேண்டும்.

'எங்கள் பெட்டியைத்தான் வைப்போம்' என்று சொல்லிவிட்டார்கள். அப்படியானால் என் ரவுட்டர் வீண்தானா?

இல்லை. அவர்கள் பெட்டி ஒளியை வாங்கும் வேலையைச் செய்யட்டும். வீட்டுக்குள் விநியோகம் செய்யும் வேலையை உங்களுடையது செய்யட்டும்.

உங்களிடம் இருப்பது இன்டர்நெட் போர்ட் உள்ள சாதாரண ரவுட்டர் என்றால், அவர்கள் பெட்டியின் நெட்வொர்க் போர்ட் ஒன்றிலிருந்து உங்கள் இன்டர்நெட் போர்ட்டுக்கு ஒரு கேபிள். அமைப்பில் `Dynamic IP` என்று வையுங்கள். இங்கே ஒரு மோதல் நேரும்: இரண்டு பெட்டியும் தனக்கு 192.168.1.1 என்று ஒரே முகவரியை வைத்துக்கொண்டால் இணையம் வராது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? உங்கள் ரவுட்டரின் முகவரியை 192.168.5.1 என்று மாற்றிவிட்டால் தீர்ந்தது. இணையம் பார்க்க, படம் பார்க்க, வீடியோ அழைப்புக்கு இது போதும். வெளியூரிலிருந்து வீட்டு ரவுட்டருக்குள் நேரடியாக நுழைய வேண்டிய தேவை இருந்தால் மட்டும், அவர்கள் பெட்டியை, ஒளியை மட்டும் மாற்றி அப்படியே உங்கள் ரவுட்டருக்குக் கடத்தும் பிரிட்ஜ் முறையில் வைக்கச் சொல்லி, `PPPoE` விவரங்களை உங்கள் ரவுட்டரில் இடுங்கள்.

அக்கா வீட்டு இபான் பெட்டியைப் போல, இணையம் உள்ளே வர இன்டர்நெட் போர்ட் இல்லாமல் ஃபைபர் வாய் மட்டும் உள்ள பழைய பெட்டியானால் வழி வேறு. அக்கா வீடு நம் பக்கத்துப் பழைய வீடு: திண்ணை, கூடம், முற்றம், பின்கட்டு என்று நீளமாகப் போகும், சுவர்கள் கனம். புதிய பெட்டி கூடத்தில் உட்கார்ந்தது, பின்கட்டுக்கு வைஃபை எட்டவில்லை. பழைய பெட்டியை அங்கே வைத்தோம். முதலில் அதை எதிலும் இணைக்காமல் லேப்டாப்பில் மட்டும் இணைத்து, முகவரியை மாற்றினேன். புதிய பெட்டி 192.168.1.1, ஆகவே பழையதற்கு 192.168.1.2. பக்கம் அந்தப் புதிய முகவரியில் மறுபடி திறந்ததும், சாதனங்களுக்கு எண் கொடுக்கும் `DHCP` சேவையை அணைத்தேன். ஒரு வீட்டில் எண் கொடுப்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் கூடத்துப் பெட்டிக்கு இருப்பது போலவே வைத்தேன். பிறகு புதியதன் நெட்வொர்க் போர்ட்டிலிருந்து முற்றத்துத் தாழ்வாரம் வழியாக ஒரு கேபிள், பழையதன் நெட்வொர்க் போர்ட்டுக்கு. ஃபைபர் வாய் ரப்பர் மூடியோடு சும்மா இருக்கிறது, எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்துகொண்டுதான் இருக்கிறது. அதைப் பொருட்படுத்த வேண்டாம். அக்கா இப்போது அடுக்களையிலிருந்து பேத்தியோடு வீடியோவில் பேசுகிறார்.

200 எம்பி பிளான் எடுத்தேன். என் ரவுட்டர் வழியாகப் பார்த்தால் 94க்கு மேல் ஏறவில்லை. கம்பெனி ஏமாற்றுகிறதா?

90களின் நடுவில் வந்து நிற்கும் எண் கம்பெனியின் குறையைக் காட்டுவதில்லை. உங்கள் ரவுட்டரின் போர்ட் 100 மெகாபிட் வகை. வழிச்செலவு போகக் கையில் வருவது 94, 95. அட்டையில் '300' என்று போட்டிருந்தது வைஃபைக்கான ஏட்டு எண், போர்ட்டுக்கானது அல்ல. விவரக் குறிப்பில் போர்ட்டுக்கு 10/100 என்று இருந்தால் இதுதான் எல்லை; 10/100/1000 என்று இருந்தால் போர்ட் ஜிகாபிட். போர்ட் ஜிகாபிட்டாக இருந்தும் 94லேயே நின்றால் கேபிளைச் சந்தேகியுங்கள். எட்டு இழையில் ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100க்கு இறங்கிவிடலாம். லேப்டாப்பைக் கேபிளில் இணைத்து, பவர்ஷெல்லில் இதை அடித்தால் அந்தக் கேபிள் எந்த வேகத்தில் கைகோத்திருக்கிறது என்று தெரியும்:

```
Get-NetAdapter | Select-Object Name, LinkSpeed
```

100 எம்பிக்கு உட்பட்ட பிளான் எடுப்பவர்கள் இதற்காகப் புது ரவுட்டர் வாங்கத் தேவையில்லை.

அப்பா அம்மா முப்பது வருடமாக வைத்திருக்கும் லேண்ட்லைன் எண் இருக்கிறது. சொந்த ரவுட்டர் போட்டால் போன் வேலை செய்யுமா?

இதை மாறுவதற்கு முன்பே தீர்மானியுங்கள். ஃபைபரில் போன் குரலும் இணையத் தரவாகத்தான் வருகிறது. அதை மறுபடி போனுக்கு ஏற்றபடி மாற்றித் தருவது ஓ.என்.டி.யில் உள்ள குறுகிய டெலிபோன் போர்ட். கம்பெனி தன் பெட்டியில் அந்த எண்ணுக்கான அமைப்பை ஏற்றியிருக்கும். உங்கள் சொந்தப் பெட்டியில் டெலிபோன் போர்ட் இல்லாமல் இருக்கலாம், இருந்தாலும் அந்த அமைப்பைக் கம்பெனி வெளியே தருவது அரிது. லேண்ட்லைன் வேண்டுமென்றால் கம்பெனியின் பெட்டியை வைத்துக்கொண்டு, அதன் பின்னால் உங்கள் ரவுட்டரை மாட்டுவதே வழி.

அந்த டெலிபோன் போர்ட்டில் சுவரிலிருந்து வரும் பழைய செம்புக்கம்பியைச் செருகிவிடாதீர்கள். அது போன் கருவியைச் செருகும் இடம்.

வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளுக்கு இன்னொன்று. செம்புக்கம்பி போனுக்கு எக்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வந்தது. கரண்ட் போனாலும் மணி அடித்தது. ஃபைபர் பெட்டி அணைந்தால் போனும் அணையும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம், மன்னார்குடி பக்கம் எத்தனை நாள் மின்சாரம் இல்லை என்பதை நாம் மறந்துவிடவில்லை. ஓ.என்.டி.யையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டர் லைனில் உள்ள பிளக்கில் மாட்டுங்கள்.

மாடியில் பெட்டி வைத்து 5ஜியில் தருகிறார்கள். அதற்கும் என் ரவுட்டர் ஆகுமா?

மாடிப் பெட்டி அவர்களுடையதாகத்தான் இருக்கும். அதிலிருந்து இறங்கும் கேபிளில் மின்சாரமும் சேர்ந்து போகிறது. அந்தக் கேபிளை நேரே உங்கள் ரவுட்டரில் செருகாமல், அவர்கள் தரும் உள்பெட்டியின் நெட்வொர்க் போர்ட்டிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் மேலே சொன்னபடிதான்.

பழைய இணைப்பை எப்போது நிறுத்தச் சொல்வது?

புதிய லைனில் பான் விளக்கு நிலைத்து, உங்கள் ரவுட்டர் வழியாக இணையம் வந்து, லேண்ட்லைன் இருந்தால் உள்ளே வரும் அழைப்பும் வெளியே போகும் அழைப்பும் சரியான பிறகு. அதன் பிறகும் ஒரு வாரம் விட்டுவைக்கலாம். லேண்ட்லைன் எண்ணை அதே கம்பெனியின் ஃபைபருக்குக் கொண்டுபோவதாக இருந்தால், பழைய லைனை ரத்து செய்ய மனு கொடுக்காமல், மாற்றித் தரும்படி மனு கொடுங்கள். ரத்தானால் எண்ணும் போய்விடலாம். பழைய கம்பெனியின் ஓ.என்.டி. அவர்களுடையது என்றால் அடாப்டரோடு திருப்பிக் கொடுத்து, சீரியல் எண் எழுதிய ரசீது வாங்கி வையுங்கள். திருப்பிக் கொடுக்கும் முன் அதன் அமைப்புப் பக்கத்தில் உள்ள `PPPoE` விவரம், வி-லேன் எண் இரண்டையும் படம் எடுத்துக்கொண்டு, பின்பக்கத்து ரீசெட் துளையில் ஊசியால் பத்து விநாடி அழுத்திப் பிடித்து உங்கள் வைஃபை கடவுச்சொல்லை அழித்துவிடுங்கள்.